லண்டன் பென்ஷனும் கொழும்புக் கடிதமும்: ஒப்பந்த நிவாரணம் கேட்பது எப்படி?

கொட்டகலையில் இருக்கும் என் சித்திக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இருபத்து நாலு வருடம் இங்கிலாந்தில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஊருக்கு வந்து சேர்ந்தவர். “உங்கள் வங்கிக் கணக்கிற்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தின் மூலம் என்ன, 2025/26 மதிப்பீட்டு ஆண்டில் அதை ஏன் காட்டவில்லை” என்பதுதான் கடிதத்தின் சாரம். சித்தி போனில் கேட்ட முதல் கேள்வி, “மகன், அங்க லண்டன்ல வரி வெட்டித்தானே அனுப்புறான். இங்கயும் கட்டணுமா?”

நான் ஹற்றனில் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்த பலரும் ஒரே தவறைத்தான் செய்தார்கள். இங்கிலாந்தில் வெட்டிய வரியை இங்கே கட்டவேண்டிய வரியிலிருந்து கழித்துக் கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படிக் கழிக்க முடியாது. ஏன் என்பதும், அந்தப் பணத்தை எங்கே போய்க் கேட்பது என்பதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கடிதத்தைப் படியுங்கள்

வருவது எல்லாம் ஒரே வகைக் கடிதம் அல்ல. விளக்கம் கேட்டு வரும் கடிதத்தில் பதில் தரவேண்டிய திகதி எழுதியிருக்கும். அதற்குள் பதில் போனால் போதும். மதிப்பீட்டு அறிவித்தல் வேறு. அதில் இவ்வளவு வருமானம், இவ்வளவு வரி, கட்டு என்று தொகை போட்டிருக்கும். அதை ஏற்காவிட்டால் 30 நாளுக்குள் நிர்வாக மீளாய்வு கேட்டு ஆணையாளர் நாயகத்துக்கு எழுத வேண்டும். “பிறகு பார்க்கலாம்” என்று அலுமாரிக்குள் வைத்த அறிவித்தல்தான் பலருக்குத் தலையிடியாகிறது. கடித உறையையும் வீசாதீர்கள். தபால் முத்திரைத் திகதி பிறகு தேவைப்படலாம்.

அடுத்து, எந்த ஆண்டைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். நம் மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. 2025 மார்ச் 31 வரை, வெளிநாட்டு மூலத்திலிருந்து வெளிநாட்டு நாணயத்தில் கிடைத்து வங்கி ஊடாக நாட்டுக்கு வந்த வருமானத்துக்கு வரிவிலக்கு இருந்தது. 2025ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை மாற்றிவிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் விலக்கு இல்லை. அதற்குப் பதிலாக, வங்கி ஊடாக வரும் அப்படிப்பட்ட வருமானத்துக்கு வரி வீதம் 15%ஐத் தாண்டாது என்று ஒரு கூரை போட்டிருக்கிறார்கள்.

ஆகவே பழைய ஆண்டைப் பற்றிய கடிதம் என்றால் வங்கி ஊடாக வந்த பணம் என்று நிரூபித்தாலே பதில் முடிந்துவிடும். இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பென்ஷனை லண்டன் கணக்கிலேயே விட்டுவைத்து, அந்தக் கார்ட்டை இங்கே ஏ.டி.எம்மில் போட்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பணத்தை வங்கி ஊடாக நாட்டுக்குக் கொண்டுவந்ததாக அதைக் காட்டுவது கஷ்டம். பழைய விலக்கும் இன்றைய 15% கூரையும் அப்படி வந்த பணத்துக்குத்தான். கூரை இல்லாவிட்டால் சாதாரண வீதங்கள், 36% வரை போகும். சித்தியின் பணம் மாதாமாதம் அவருடைய வெளிநாட்டு நாணயக் கணக்குக்கு நேரே வந்ததால் நாங்கள் தப்பினோம்.

“மட்டுமே” என்ற ஒரு சொல்

இலங்கைக்கும் பிரித்தானியாவுக்கும் இடையில் 1979இல் கையெழுத்தான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதில் ஓய்வூதியம் பற்றிய பிரிவு, முன்னைய வேலைக்காகக் கிடைக்கும் பென்ஷனுக்கு, பெறுபவர் வதியும் நாட்டில் மட்டுமே வரி விதிக்கலாம் என்கிறது. “மட்டுமே” என்பதைக் கவனியுங்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால் இரண்டு நாடும் வரி போடலாம், பிறகு ஒன்றை மற்றதில் கழிக்கலாம் என்ற கணக்கு வரும். அது இருப்பதால், சித்தி இலங்கையில் வதிபவர் என்றால் கம்பனி பென்ஷனில் வரி எடுக்க லண்டனுக்கு உரிமையே இல்லை. உரிமை இல்லாமல் எடுத்த பணத்தை எடுத்தவரிடம்தான் திருப்பிக் கேட்க வேண்டும். நம் திணைக்களம் அதை ஏன் கழித்துத் தரப் போகிறது?

ஆகவே இங்கிலாந்துப் பென்ஷன் எடுப்பவர்களுக்கு ‘ஒப்பந்த நிவாரணம்’ என்றால் இரண்டு வேலை. இலங்கையில் வருமானத்தை முழுதாகக் காட்டி வரியைக் கட்டுவது ஒன்று. பிரித்தானிய வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி-யிடம் வெட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு, இனி வெட்டாதே என்று சொல்வது மற்றது.

அரச சேவை பென்ஷன் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அங்கே உள்ளூராட்சி மன்றத்திலோ அரச திணைக்களத்திலோ வேலை பார்த்தவர்களுக்கு ஒப்பந்தத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. பொதுவாக அந்தப் பென்ஷனுக்கு வரி போடும் உரிமை அதைக் கொடுக்கும் நாட்டுக்கு, ஆனால் பெறுபவரின் பிரஜாவுரிமையைப் பொறுத்து அது மாறலாம். அவர்கள் நிவாரணத்தை லண்டனில் அல்ல, நம் திணைக்களத்துக்கு எழுதும் பதிலில்தான் கேட்க வேண்டும். அப்புறம், வேறு நாட்டுப் பென்ஷன் என்றால் அந்த நாட்டு ஒப்பந்தத்தைத் தனியாக எடுத்துப் படியுங்கள். எல்லா ஒப்பந்தத்திலும் “மட்டுமே” இருக்காது.

வதிபவர் யார்?

ஒரு மதிப்பீட்டு ஆண்டில் மொத்தம் 183 நாள் அல்லது அதற்கு மேல் இலங்கையில் இருந்தால் வதிபவர். கடவுச்சீட்டின் முத்திரைகளை வைத்து நாங்கள் நாள் எண்ணினோம். சித்தி பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஐந்து கிழமை போய் வந்திருந்தார், அவ்வளவுதான். அரை வருடம் அங்கே, அரை வருடம் இங்கே என்று இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு நாடுமே “என் ஆள்” என்று சொல்லக்கூடும். அப்போது நிரந்தர வீடு எங்கே, குடும்பமும் வாழ்க்கையும் எங்கே என்றெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டி வரும். அதற்கு ஒரு வரி ஆலோசகரைப் பிடிப்பது நல்லது.

கடதாசிகள்

சித்திக்கு முதியோர் இல்ல வேலைக்கான கம்பனி பென்ஷனும், அதைத் தவிர பிரித்தானிய அரச பென்ஷனும் வருகிறது. இரண்டு பென்ஷனுக்கும் கடதாசி வேறு வேறு. கம்பனி பென்ஷனுக்கு வருடத்துக்கொரு பி60 வரும். ஏப்ரல் 5 வரைக்குமான மொத்தமும் வெட்டிய வரியும் அதில் இருக்கும், மே மாதக் கடைசிக்குள் வந்துவிட வேண்டும். பிரித்தானிய அரச பென்ஷனுக்கு பி60 கிடையாது, அதில் வரியும் வெட்டமாட்டார்கள். அதற்கு இன்டர்நேஷனல் பென்ஷன் சென்டருக்கு எழுதி, இவ்வளவு தருகிறோம் என்ற கடிதத்தை எடுக்க வேண்டும். இலங்கையில் இருப்பவர்களுக்கு அந்தத் தொகை வருடாவருடம் கூடாது, வந்த நாளில் இருந்த தொகையிலேயே நின்றுவிடும். ஆகவே பழைய கடிதத்திலும் இதே தொகைதான் இருக்கும். ஆனாலும் கந்தோரில் பழைய திகதியைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள், புதுக் கடிதமே எடுங்கள். உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டு அவர்கள் அனுப்பும் படிவத்தைச் சிலர் வதிவிடச் சான்றிதழ் என்று நினைத்துக் கொண்டு வருகிறார்கள். அது வரிக்கு உதவாது.

இவற்றோடு மாதாந்தப் பென்ஷன் சிட்டைகள், வங்கிக் கூற்று, ஒவ்வொரு முறை பணம் வரும்போதும் வங்கி தரும் பணவனுப்பல் ஆலோசனைக் கடிதம் எல்லாம் வேண்டும். அந்தக் கடிதத்தில்தான் அனுப்பியவர் பெயரும் பவுண் தொகையும் இருக்கும்.

ஏன் தொகைகள் ஒத்துப்போகவில்லை?

அதிக நேரம் போனது இதில்தான். பி60இல் இருந்த தொகையும் வங்கிக் கூற்றில் வந்த தொகையும் ஒத்துவரவில்லை. அதிகாரி முதலில் கேட்கப்போவதும் இதைத்தான். ஆகவே அவர் கேட்கும் முன்னே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

முதல் காரணம் வரி. பி60இல் இருப்பது வெட்டுவதற்கு முந்திய தொகை, வங்கிக்கு வருவது வெட்டிய பின் வரும் தொகை. இங்கே காட்ட வேண்டியது வெட்டுவதற்கு முந்திய தொகைதான். வங்கிக்கு வந்ததை மட்டும் காட்டுவது குறைத்துக் காட்டுவதாகிவிடும்.

இரண்டாவது காரணம் வருடம். அவர்களின் வரி ஆண்டு ஏப்ரல் 6 முதல் மறு ஏப்ரல் 5 வரை. நமக்கும் அவர்களுக்கும் ஐந்து நாள்தான் வித்தியாசம், ஆனால் சித்தியின் கம்பனிப் பென்ஷன் வருவது மாதம் முதலாம் திகதி. 2025 ஏப்ரல் 1இல் வந்த கொடுப்பனவு நமக்கு 2025/26இன் முதல் மாதம், அவர்களுக்கோ முந்திய ஆண்டின் கடைசி மாதம். மே மாதத்தில் பென்ஷன் 1,060 பவுணிலிருந்து 1,100 பவுணாகக் கூடியது. பி60 மே முதல் மறு ஏப்ரல் வரை பன்னிரண்டு 1,100, அதாவது 13,200 பவுண் என்கிறது. நம் ஆண்டுக்கு ஒரு 1,060உம் பதினொரு 1,100உம், 13,160 பவுண். இந்த 40 பவுண் இடைவெளியை விளங்கப்படுத்தாவிட்டால் எதையோ மறைத்தது போல இருக்கும்.

மூன்றாவது, அரச பென்ஷன் மாதாமாதம் வருவதல்ல, நாலு கிழமைக்கு ஒரு முறை. ஆகவே பன்னிரண்டால் பெருக்காதீர்கள், எண்ணிப் பாருங்கள். சித்திக்கு 480 பவுண் வீதம் பதின்மூன்று முறை, 6,240 பவுண். இடையில் வங்கிகள் எடுத்த கட்டணத்தை அந்தத் தாளில் தனியாக எழுதுங்கள்.

எல்லாம் சேர்த்து நம் ஆண்டுக்கு 13,160 கூட்டல் 6,240, மொத்தம் 19,400 பவுண். ஒவ்வொரு கொடுப்பனவையும் அது வந்த நாளின் மாற்று வீதத்தில் ரூபாவாக்க வேண்டும். இங்கே கணக்கு புரிவதற்காக எல்லாவற்றையும் 400 ரூபா என்று வைத்துக்கொள்கிறேன். 77 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா.

சித்தியின் கணக்கு

2025/26க்குத் தனிநபர் நிவாரணம் 18 இலட்சம். அதைக் கழித்தால் மிச்சம் 59 இலட்சத்து 60 ஆயிரம். முதல் 10 இலட்சத்துக்கு 6%, 60,000 ரூபா. மிச்ச 49 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு 15%, 744,000 ரூபா. மொத்த வரி 804,000 ரூபா. எல்லாப் பணமும் வங்கி ஊடாக வந்தது, வேறு வருமானம் இல்லை என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு.

இனி லண்டன் பக்கம். பிரித்தானியப் பிரஜை என்பதால் சித்திக்கு அங்கே 12,570 பவுண் வரியற்ற தொகை உண்டு. அரச பென்ஷனில் நேரே வெட்ட முடியாததால், அதன் 6,240 பவுணை இந்தத் தொகையிலிருந்து எடுத்துவிட்டு, மிஞ்சிய 6,330ஐத்தான் கம்பனிப் பென்ஷனுக்கு விட்டார்கள். 13,200இல் 6,330 போக 6,870. அதில் 20%, 1,374 பவுண். நம் பணத்தில் 549,600 ரூபா.

இரண்டையும் கட்டினால் 1,353,600 ரூபா. ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டால் 804,000 மட்டும். சித்தி முதலில் மனதில் போட்டிருந்த கணக்கு 804,000இல் 549,600 போக 254,400 கட்டினால் போதும் என்பது. அப்படித்தான் அறிக்கையும் நிரப்பப் பார்த்தார். அப்படிக் கொடுத்திருந்தால் மீதிக்கு மதிப்பீட்டு அறிவித்தல் வந்திருக்கும், வட்டியோடு.

சரி, அப்படியானால் ஒப்பந்த நிவாரணத்தால் வரி இல்லாமல் போகாது. எந்த நாட்டுக்குக் கட்டுவது என்பதைத்தான் அது சொல்கிறது. சித்தியின் கணக்கில் லண்டன் வரியைவிட இலங்கை வரிதான் அதிகம், அது அவருக்குக் கசந்தது. “அப்போ பேசாம இருந்திருக்கலாமே” என்றார். பேசாமல் இருப்பதற்கு வங்கிக் கணக்கு இடம் கொடுக்காது, கடிதமே அங்கிருந்துதானே பிறந்தது.

பதில் கடிதம்

நீளமாக எழுத வேண்டாம். சித்திக்கு நான் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி:

“தங்கள் கடிதம் கிடைத்தது. குறிப்பிட்ட வரவுகள் பிரித்தானியாவில் நான் செய்த வேலைக்கான ஓய்வூதியமும் அந்நாட்டு அரச ஓய்வூதியமும் ஆகும். இரண்டும் வங்கி ஊடாக வெளிநாட்டு நாணயத்தில் வந்தவை. 2025/26க்கான மொத்தத் தொகை 19,400 பவுண். கணக்கிட்ட விதம் இணைப்பு 1இல் உள்ளது. பி60இலுள்ள தொகையுடன் வரும் வித்தியாசத்திற்கான விளக்கம் இணைப்பு 2. பிரித்தானியாவில் கழிக்கப்பட்ட வரிக்கு இங்கு வரவு கோரவில்லை. ஒப்பந்தத்தின்படி அதை அங்கேயே திரும்பக் கோருகிறேன்.”

கடைசி வசனம் முக்கியம். அதிகாரிக்கு அடுத்து எழும் கேள்வியை அது முன்கூட்டியே அடைத்துவிடும். தமிழிலேயே எழுதலாம். ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத்தபால். நாங்கள் கண்டிக் கந்தோருக்கு நேரே போனோம். மூலப் பத்திரங்களைக் காட்டிவிட்டு போட்டோ கொப்பியை மட்டும் கொடுத்தோம்.

வரியின் மிகுதியை செப்டெம்பர் 30க்குள் கட்ட வேண்டும், அறிக்கை நவம்பர் 30க்குள் போக வேண்டும். அதற்கு முதலே ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் தவணைகள் இருக்கின்றன. அடுத்த ஆண்டுக்கு அதையும் குறித்து வையுங்கள்.

லண்டனுக்குப் போகும் படிவம்

GOV.UK தளத்தில் DT-Individual என்று தேடினால் படிவம் கிடைக்கும். சில நாடுகளுக்குத் தனிப் படிவம் உண்டு, நமக்கு இந்தப் பொதுப் படிவம்தான். இங்கிலாந்தை விட்டு வந்த திகதி, இங்கே வதியத் தொடங்கிய திகதி, பென்ஷன் கொடுப்பவரின் பெயரும் உங்கள் இலக்கமும், ஏற்கெனவே வெட்டிய தொகை எல்லாம் கேட்பார்கள். புறப்படும்போது பி85 படிவம் கொடுக்காமல் வந்தவர்கள், நீங்கள் இன்னும் அங்கேயே இருப்பதாக அவர்களின் புத்தகத்தில் இருக்கக்கூடும். அதையும் சேர்த்தே சரி செய்யுங்கள்.

நிரப்பிய படிவத்தை நேரே லண்டனுக்கு அனுப்பிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. முதலில் நம் திணைக்களம், இவர் இங்கே வரிக்காக வதிபவர் என்று உறுதிப்படுத்த வேண்டும், அதன் பிறகே எச்.எம்.ஆர்.சி-க்குப் போகும். அந்த உறுதிப்படுத்தல் கிடைக்க உங்களுக்கு வரி இலக்கம் இருக்க வேண்டும், வருமானத்தைக் காட்டியும் இருக்க வேண்டும். அதனால்தான் கடிதத்துக்குப் பதில் முதலில், படிவம் பிறகு. வதிவிடத்தை நிரூபிக்கக் கடவுச்சீட்டுப் பிரதியையும் நாள் எண்ணிய தாளையும் கூடவே கொடுங்கள்.

அனுமதி கிடைத்ததும், எவ்வளவு வரி வெட்டுவது என்று சொல்லும் ஒரு புதுக் குறியீட்டை எச்.எம்.ஆர்.சி பென்ஷன் கம்பனிக்கு அனுப்பும். அதுவரை கம்பனி வெட்டிக்கொண்டேதான் இருக்கும், அவர்களோடு சண்டை போட்டு பிரயோசனமில்லை. மாதச் சிட்டையில் 633L என்று இருந்த இடத்தில் NT என்று வந்து, வரிக் கட்டத்தில் பூச்சியம் விழுந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். சிட்டையைப் பார்க்காமல் வங்கிக்கு வரும் தொகையை மட்டும் பார்த்தால், மாற்று வீதம் ஏறி இறங்குவதில் இது தெரியாமலே போய்விடும்.

NT வந்தபின் அரச பென்ஷனுக்கு என்ன நடக்கும் என்று சித்தி கேட்டார். 6,240 பவுண் வரியற்ற தொகைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் லண்டனில் எதுவும் கட்ட வேண்டி வராது. இங்கே மட்டும் கணக்கில் சேரும்.

முடிந்த ஆண்டுகளின் பணத்தை அதே படிவத்தில் திருப்பிக் கேட்கலாம், அந்த வரி ஆண்டு முடிந்து நாலு வருடத்துக்குள். பணத்தை எங்கே அனுப்புவது என்பதற்கும் படிவத்தில் இடம் உண்டு. பவுண் காசோலையை இங்கே மாற்றுவது பெரிய அலைச்சல், ஆகவே லண்டனில் கணக்கு இன்னும் திறந்திருந்தால் அதைக் கொடுங்கள், பிறகு அங்கிருந்து வங்கி ஊடாகவே இங்கே அனுப்புங்கள். அந்தப் பணவனுப்பல் கடிதத்தையும் அதே கோப்பில் வையுங்கள். ஏனென்றால் 1,374 பவுண் நாட்டுக்கு வந்த கதை அந்த ஒரு தாளில்தான் இருக்கும், “இந்தப் பணம் என்ன?” என்று அடுத்த கடிதம் கேட்கப்போவதும் அதைத்தான்.